நீங்கள் வருவதற்குள் முடித்திருப்போம்

சென்னை தரமணியிலோ சிறுசேரியிலோ உள்ள ஒரு மென்பொருள் அலுவலகத்தில், மாலை ஷிப்டு முடியும் நேரத்தில், நியூயார்க்கில் இருக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது. அதில் இப்படி ஒரு வரி: "வென் யூ லாகின் டுமாரோ, வீ வில் கம்ப்ளீட் த டெஸ்டிங்." எழுதியவர் சொல்ல நினைத்தது, 'நாளைக்கு நீங்கள் லாகின் செய்வதற்குள் டெஸ்டிங்கை முடித்துவிடுவோம்' என்பது. நியூயார்க்காரருக்குப் போய்ச் சேர்ந்த செய்தியோ, 'நீங்கள் லாகின் செய்த பிறகுதான் முடிப்போம்' என்பது. நாளை காலை வந்ததும் முடிவு கையில் இருக்கும் என்று இவர் உறுதி தருகிறார். இன்னும் வேலை பாக்கி என்று அவர் படிக்கிறார்.

எழுத்துப் பிழை எதுவும் இந்த வாக்கியத்தில் இல்லை. எந்தக் கணினியும் இதற்குச் சிவப்புக் கோடு போடாது. அதனால்தான் இந்தத் தவறு ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கிறது. எழுதியவர் எழுதியிருக்க வேண்டியது: "பை த டைம் யூ லாகின் டுமாரோ, வீ வில் ஹேவ் கம்ப்ளீட்டட் த டெஸ்டிங்." இதைப் பள்ளியில் ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் என்ற பெயரில் எல்லோரும் படித்திருக்கிறோம். பன்னிரண்டு கட்டம் போட்ட காலங்களின் அட்டவணையில் கடைசி வரிசையில் இருக்கும். மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியதோடு சரி, வாயில் வருவதில்லை. அதன் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் ஃப்யூச்சர் கன்டினியுவஸ் கொஞ்சம் அதிகமாகப் புழங்குகிறது, ஆனால் அதுவும் வேண்டிய இடத்தில் வருவதில்லை.

எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. இந்த இரண்டு காலங்களும் தமிழருக்குப் புதியவை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிகூட அன்றாடம் இவற்றைச் சரியாகப் பேசுகிறார், தமிழில்.

அப்பா அலுவலகத்திலிருந்து வரும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். 'அப்பா வரும்போது காபி போடுவேன்' என்றால், அவர் தலை தெரிந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். 'அப்பா வரும்போது காபி போட்டுக்கொண்டிருப்பேன்' என்றால், அவர் செருப்பைக் கழற்றும்போது பால் அடுப்பில் இருக்கும், வேலை நடுவில் நிற்கும். 'அப்பா வரும்போது காபி போட்டிருப்பேன்' என்றால், டம்ளர் டபராவில் காபி தயார், ஆற்றிக் குடிக்க வேண்டியதுதான். இந்த மூன்றையும் எந்தத் தமிழ்க் குழந்தையும் குழப்பிக்கொள்ளாது.

ஆங்கிலத்திலும் இதே மூன்று படிகள்தான். "ஐ வில் மேக் காபி", "ஐ வில் பி மேக்கிங் காபி", "ஐ வில் ஹேவ் மேட் காபி". 'கொண்டிருப்பேன்' வரும் இடத்தில் 'வில் பி' போட்டு வினையோடு 'இங்' சேர்க்கிறோம். 'போட்டிருப்பேன்', 'முடித்திருப்பேன்', 'போயிருப்பேன்' என்று வரும் இடத்தில் 'வில் ஹேவ்' போட்டு வினையின் மூன்றாவது வடிவத்தை வைக்கிறோம். வருங்காலத்தில் ஒரு புள்ளியில் போய் நின்றுகொண்டு வேலையைப் பார்க்கிறோம். அங்கே வேலை நடந்துகொண்டிருந்தால் ஒன்று, முடிந்து கிடந்தால் மற்றொன்று. கேட்க வேண்டிய கேள்வி இந்த ஒன்றுதான்.

அந்தப் புள்ளியை நட்டுவைக்கும் சொற்கள்தான் 'பை த டைம்', 'திஸ் டைம் டுமாரோ' இரண்டும். தமிழில் 'வருவதற்குள்', 'நாளைக்கு இந்நேரம்'. சிக்கல் முழுவதும் முதலாவதில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

'நான் வருவதற்குள் பஸ் போய்விட்டது' என்கிறோம். 'நான் வருவதற்குள் பஸ் போய்விடும்' என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியம் நேற்று நடந்தது, இரண்டாவது இனி நடக்கப் போவது. ஆனால் 'வருவதற்குள்' இரண்டிலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. காலத்தைச் சொல்லும் பொறுப்பு முழுவதையும் வாக்கியத்தின் கடைசியில் வரும் வினை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. 'பை த டைம்' என்பதற்குப் பின்னால் முழு வினை வந்தாக வேண்டும், அந்த வினைக்கு ஒரு காலம் இருந்தாக வேண்டும். நேற்றைய கதை என்றால், "பை த டைம் ஐ கேம், த பஸ் ஹேட் லெஃப்ட்." நாளைய கதை என்றால், "பை த டைம் ஐ கம், த பஸ் வில் ஹேவ் லெஃப்ட்."

இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு முறை பாருங்கள். நாளைக்கு நடக்கப் போவதைப் பேசுகிறோம். ஆனால் 'கம்' என்று நிகழ்கால வினைதான் இருக்கிறது, 'வில்' இல்லை. நம்மவர் இடறுவது இங்கேதான். 'வருவதற்குள்' என்ற சொல்லில் எதிர்காலத்தின் 'வ்' நம் காதில் ஒலிக்கிறது. மனம் தானாக "பை த டைம் ஐ வில் கம்" என்று சொல்லிவிடுகிறது. பிறகு பாதி வழியிலேயே சோர்ந்து, மறுபாதியை "த பஸ் வில் கோ" என்று முடித்துவிடுகிறது. 'வில்' வரக் கூடாத இடத்தில் வந்துவிட்டது, 'வில் ஹேவ்' வர வேண்டிய இடத்தில் வரவில்லை.

ஏன் அங்கே 'வில்' வரக் கூடாது? ஆங்கிலத்தில் நேரத்தைக் காட்டும் துணை வாக்கியம் எதிலும் அது வருவதில்லை. 'வென்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்' எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இதற்கு ஒரு பழைய பின்னணி உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென்று தனி வினை வடிவமே இல்லை. நிகழ்கால வடிவமே எதிர்காலத்துக்கும் பயன்பட்டது. 'வில்', 'ஷல்' இரண்டும் பிறகுதான் எதிர்காலத்தைச் சுமக்கும் துணைவினைகளாக வளர்ந்தன. அவை முதன்மை வாக்கியத்தில் நிலைகொண்டுவிட்டன. 'வென்', 'பை த டைம்' போன்றவற்றின் பின்னால் வரும் துணை வாக்கியம் மட்டும் இன்றுவரை நிகழ்காலத்திலேயே நிற்கிறது. தொல்காப்பியம் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று மூன்று காலங்களைத் தெளிவாக வகுத்துச் சொல்லும் மொழியிலிருந்து வருகிற நமக்கு, நாளையைப் பேசும்போது நிகழ்காலத்தைப் போடுவது உறுத்தலாகத்தான் இருக்கும். அந்த உறுத்தலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி அந்த மின்னஞ்சலுக்கே திரும்பி, வேலையின் விவரங்களோடு அதை எழுதிப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை. சென்னையில் மணி மாலை ஏழரை. கோடைக்காலம் என்பதால் நியூயார்க் ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, அங்கே காலை பத்து. டெஸ்டிங் இரவு முழுக்க ஓடி விடியற்காலை நான்கு மணி வாக்கில் முடியும். புதன்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, பழைய கணினியிலிருந்து புதியதற்குத் தகவல்களை மாற்றும் வேலை. வாடிக்கையாளர் புதன்கிழமை காலை அவர் நேரப்படி ஒன்பதுக்கு வருவார், அதாவது நமக்கு மாலை ஆறரை. மாலை ஐந்துக்குக் கிளம்புவார், அது நமக்கு நள்ளிரவு தாண்டி இரண்டரை.

டெஸ்டிங் முடிவது நம் விடியற்காலை நான்கு மணிக்கு. அவர் வருவது அதற்குப் பதினான்கரை மணி நேரம் கழித்து. அவர் வரும் புள்ளியில் நின்று பார்த்தால் வேலை முடிந்து கிடக்கிறது. ஆகவே, "பை த டைம் யூ லாகின் டுமாரோ, வீ வில் ஹேவ் கம்ப்ளீட்டட் த டெஸ்டிங்."

நாளைக்கு இந்நேரம், அதாவது புதன் மாலை ஏழரைக்கு, தகவல் மாற்றம் எந்த நிலையில் இருக்கும்? ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும் வேலையின் சரிபாதி. ஆகவே, "திஸ் டைம் டுமாரோ, வீ வில் பி மூவிங் த டேட்டா." இங்கே "வீ வில் மூவ் த டேட்டா" என்று எழுதினால், ஏழரைக்குத்தான் வேலையே தொடங்கும் என்று அவர் நினைக்க இடமிருக்கிறது. அவர் கிளம்பும் புள்ளிக்குப் போனால், ஒன்பது மணி தாண்டி ஐந்தரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆகவே, "பை த டைம் யூ லீவ் ஆஃபீஸ், வீ வில் ஹேவ் மூவ்ட் எவ்ரிதிங்."

மூன்று வாக்கியங்கள், மூன்று புள்ளிகள். ஒவ்வொன்றிலும் முதலில் கடிகாரத்தைப் பார்த்தோம், பிறகு வினையைத் தேர்ந்தெடுத்தோம். அட்டவணையை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

இதே மின்னஞ்சலில் ஒரு நடைமுறை ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 'திஸ் டைம் டுமாரோ' என்பது பேசும் கணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சொல். தொலைபேசியில் சொன்னால் இருவருக்கும் அது ஒரே கணம். இங்கே ஏழரையும் அங்கே பத்தும் ஒன்றுதான். ஆனால் மின்னஞ்சலை அவர் மதிய உணவுக்குப் பின் இரண்டு மணிக்குத் திறந்தால், 'இந்நேரம்' என்பதை அவர் இரண்டு மணி என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது நம் ஊரில் இரவு பதினொன்றரை, வேலை முடிந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். எனவே எழுத்தில் மணியைக் குறிப்பிட்டு, அது எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்து எழுதுவதே நல்லது. வினை அதே 'வில் பி மூவிங்'தான், அதில் மாற்றமில்லை.

'திஸ் டைம் டுமாரோ' என்பதற்கு முன்னால் ஒரு 'பை' சேர்த்தால் எல்லாம் மாறிவிடும். 'நாளைக்கு இந்நேரம்' என்பது 'நாளைக்கு இந்நேரத்துக்குள்' ஆகிவிடுகிறது. முதலாவது ஒரு புள்ளி, இரண்டாவது ஒரு கெடு. "திஸ் டைம் டுமாரோ, ஐ வில் பி ரைட்டிங் த எக்ஸாம்" என்றால் நாளை இந்த மணிக்குத் தேர்வு அறையில் எழுதிக்கொண்டிருப்பேன். "பை திஸ் டைம் டுமாரோ, ஐ வில் ஹேவ் ரிட்டன் த எக்ஸாம்" என்றால் அதற்குள் எழுதி முடித்து வெளியே வந்திருப்பேன். போட்டித் தேர்வுகளில் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விகள் இந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான் அமைகின்றன. அவசரத்தில் படிப்பவர் கண்ணில் 'திஸ் டைம் டுமாரோ' மட்டும் பட்டு, 'பை' தவறிப்போகும்.

'பை' என்பது நம் 'க்குள்'. 'அன்டில்' என்பது நம் 'வரை'. ஐந்து மணிக்குள் முடிப்பதும் ஐந்து மணி வரை செய்வதும் வேறு வேறு என்று தமிழருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 'பை', 'அன்டில்' குழப்பம் வரும்போதெல்லாம் தமிழில் அந்த வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும், தெளிந்துவிடும்.

ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. கைவிடும் ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். 'இருப்பேன்', 'இருப்பார்' என்று முடியும் நம் வடிவம் மூன்று வேலைகளைச் செய்கிறது. 'நாளை காலைக்குள் அவர் திருநெல்வேலி போய்ச் சேர்ந்திருப்பார்' என்பது எதிர்காலம். 'அவர் நேற்று ராத்திரியே கிளம்பினார், இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்' என்பது இப்போதைய ஊகம். 'நேற்றே கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார்' என்பது நடக்காமல் போன ஒன்று. அவர் கிளம்பவும் இல்லை, போய்ச் சேரவும் இல்லை. மூன்றுக்கும் ஒரே 'சேர்ந்திருப்பார்'.

ஆங்கிலம் முதல் இரண்டுக்கும் 'வில் ஹேவ்' போடுகிறது. "ஹி வில் ஹேவ் ரீச்ட் பை டுமாரோ மார்னிங்", "ஹி வில் ஹேவ் ரீச்ட் பை நவ்". நடக்காமல் போனதற்கு மட்டும் 'வுட் ஹேவ்'. நம் ஊர் ஆங்கிலத்தில் "ஹி வுட் ஹேவ் ரீச்ட் பை நவ்" என்பது எங்கும் கேட்கிறது. நமக்குள் பேசும்போது ஒரு குழப்பமும் வராது. ஆனால் லண்டனிலோ சிட்னியிலோ அதைக் கேட்பவர், 'ஏதோ தடை வந்துவிட்டது போலிருக்கிறது' என்று எண்ணி, 'இஃப்' என்று தொடங்கும் மிச்ச வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. உங்கள் தமிழ் வாக்கியத்தில் 'ஆனால் அப்படி நடக்கவில்லை' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் 'வுட் ஹேவ்', பொருந்தாவிட்டால் 'வில் ஹேவ்'.

வடிவத்தில் நேரும் பிழைகள் பெரிய விஷயமல்ல, பழகினால் போய்விடும். 'ஹி' வந்தால் 'ஹேஸ்' என்று கற்ற பழக்கத்தில் "ஹி வில் ஹேஸ் ஃபினிஷ்ட்" என்பார்கள். 'வில்' வந்துவிட்டால் யாராக இருந்தாலும் 'ஹேவ்'தான். 'வில் ஹேவ் வென்ட்' அல்ல, 'வில் ஹேவ் கோன்'. பேச்சில் 'வில் ஹேவ்' முழுதாக ஒலிப்பதில்லை. 'விலவ்' என்று ஒன்றாகச் சேர்ந்து காற்றில் கரைந்துவிடும். படத்திலோ தொலைபேசியிலோ கேட்டு இந்தக் காலத்தைக் கற்பது பலருக்குக் கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இருப்பதே காதில் விழாது.

எல்லா இடத்திலும் இந்த இரண்டு காலங்களைத் திணிக்க வேண்டும் என்பதில்லை. 'இருக்கிறது', 'தெரியும்', 'பிடிக்கும்' போன்ற வினைகளில் நடந்துகொண்டிருக்கும் செயல் எதுவும் கிடையாது. 'நாளைக்கு இந்நேரம் ரயிலில் இருப்பேன்' என்பதற்கு "திஸ் டைம் டுமாரோ, ஐ வில் பி ஆன் த ட்ரெய்ன்" போதும். 'நீ வருவதற்குள் இருட்டியிருக்கும்' என்பதற்கு "பை த டைம் யூ கம், இட் வில் பி டார்க்". 'நீ வருவதற்குள் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்' என்று சொல்ல வேண்டியிருந்தால் 'பை த டைம்' வந்தும் "ஐ வில் பி ஸ்லீப்பிங்"தான் சரி. 'பை த டைம்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'வில் ஹேவ்' போடு என்று சில பயிற்சி மையங்கள் சொல்லித் தருவது அரைகுறை. வேலை அந்தப் புள்ளியில் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. அதேபோல, "ஐ வில் ஃபினிஷ் இட் பை ஃபைவ்" என்பதும் நல்ல ஆங்கிலமே. முடிக்கிறேன் என்ற வாக்குறுதி அதில் முன்னால் நிற்கிறது. முடிந்து கிடக்கும் நிலை 'வில் ஹேவ்' போடும்போது முன்னால் நிற்கிறது.

எத்தனை காலம் என்று கணக்குச் சொல்லும் வகை ஒன்றும் இருக்கிறது. 2016 ஜூனில் வேலைக்குச் சேர்ந்தவர், 2026 ஜூனில் பத்து ஆண்டு ஆகிவிடும் என்று முன்கூட்டியே சொல்ல, "பை ஜூன் 2026, ஐ வில் ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்பார். பதவி உயர்வு கேட்கும் கடிதத்தில் பயன்படும். அன்றாடப் பேச்சில் அரிது.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இந்தப் பாடத்தை அட்டவணையின் கடைசிக் கட்டமாகத் தொடங்காதீர்கள். 'அப்பா வரும்போது காபி போடுவேன், போட்டுக்கொண்டிருப்பேன், போட்டிருப்பேன்' என்று மூன்றையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் காபி எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகு ஆங்கிலத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். அதன்பின், 'வருவதற்குள்' என்பது நேற்றைக்கும் நாளைக்கும் மாறாமல் நிற்பதையும், 'பை த டைம்' அப்படி நிற்காததையும் ஒரு வகுப்பு முழுக்க எடுத்துப் பேசுங்கள். அந்த ஒரு வகுப்பு நடந்தாலே "பை த டைம் ஐ வில் கம்" பெருமளவு குறைந்துவிடும்.